தையல்கடைக்குப் புது மிஷின்: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் என்பிவி மைனஸில் வருகிறது, எங்கே பிசகு?

நூல்கண்டு (தேனி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கடையில் கால் மிஷின் நான்கு, அதில் மூன்றில் மோட்டார் மாட்டி ஓட்டுகிறோம். ஜாக்கெட், சுடிதார், கொஞ்சம் சட்டை. மூன்று வருடமாக ஒரு ஜவுளிக்கடை மூலம் தனியார் பள்ளி யூனிபார்மும் தைக்கிறோம். வருடத்துக்கு 1,200 செட் கூடுதலாகத் தரத் தயார் என்கிறார்கள், எங்களால்தான் எடுக்க முடியவில்லை.

டீலரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஜிஎஸ்டி சேர்த்து பவர் மிஷின் 3, ஒன்று 30,000 வீதம் 90,000. ஓவர்லாக் 40,000. பட்டன் ஓட்டை போடும் காஜா மிஷின் 1,50,000. ஒயரிங், ஸ்டெபிலைசர் 20,000. மொத்தம் 3 லட்சம். என் கையில் 60,000 இருக்கிறது, 2,40,000 கடன் கேட்கலாம் என்று நினைக்கிறேன். 12% வட்டி, 5 வருடம் என்றார் மேனேஜர். "சும்மா மனு வேண்டாம், லாபம் வரும்னு கணக்கோட ஒரு கடிதம் கொடுங்க" என்றார்.

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பையன் என்பிவி போட்டுக் கொடுத்தான், அதாவது இனி வரப்போகும் காசை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதில் போட்ட காசைக் கழித்துப் பார்க்கும் கணக்கு. கூடுதல் யூனிபார்மில் ஆண்டுக்கு 60,000 நிற்கும். இப்போது காஜா வெளியே கொடுக்கிறோம், சட்டைக்கு 8 ரூபாய், 4,000 சட்டை, அதில் 32,000 மிச்சம். ஆக 92,000. அதில் தேய்மானம் 15% என்று 45,000, வட்டி சராசரியாக 16,000 கழித்து 31,000. ஐந்து வருடத்துக்கு 12 சதவீதத்தில் தள்ளினால் 1,11,700. போட்ட காசு 3 லட்சம். என்பிவி மைனஸ் 1,88,000 சொச்சம்!

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேனேஜர் சிரிப்பார். ஆனால் இந்த மிஷின் கட்டுபடி ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கு எங்கே பிசகுகிறது?

---

பிகாம்_பெஞ்ச்

அண்ணே, தேய்மானத்தைத் தூக்குங்க. அது காசு இல்லை, புத்தகத்துல எழுதுற எண்ணிக்கை. மிஷினுக்கு 3 லட்சம் முதல் நாளே போயிடுச்சுன்னு கணக்குல எழுதியாச்சு. மறுபடி வருஷம் 45,000 கழிச்சா அதே மிஷினுக்கு ரெண்டு தடவை காசு கொடுத்த மாதிரி.

ஆனா வட்டி நிஜமாவே கையை விட்டுப் போற காசு, அதைக் கழிச்சுத்தான் ஆகணும். 92,000ல 16,000 போக 76,000. என்பிவி மைனஸ் 26,000. அப்பவும் மைனஸ்தான். கொட்டேஷனைக் குறைக்கப் பாருங்க.

---

சங்கத்து அக்கா

தம்பி, யூனிபார்ம்ன்னதும் ஓடி வந்தேன். நான் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துல இருக்கேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளோட இலவசச் சீருடை நாங்கதான் தைக்கிறோம். துணி வெட்டினபடியே வரும், தச்சுக் கொடுத்தா பீசுக்கு இவ்வளவுன்னு கூலி. உங்களுக்கும் சங்கத்துல சேர்ந்தா ஆர்டர் கவலை இருக்காதே? எதுக்கு வங்கி, கடிதம் எல்லாம்?

---

நூல்கண்டு

அக்கா, அது பெண்கள் சங்கம், நான் எப்படிச் சேர முடியும்! நான் கேட்டது ஆர்டரைப் பற்றி இல்லை. ஆர்டர் இருக்கிறது, மிஷின்தான் இல்லை.

---

ஓய்வு_கிளை (வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன்)

பிகாம் தம்பி தேய்மானம் பற்றிச் சொன்னது சரி. வட்டியில் வழுக்கிவிட்டார். 12 சதவீதத்தில் தள்ளுகிறோமே, அது என்ன? காசுக்கு ஆகும் வட்டிதான் அது. அடுத்த வருடம் வரும் 100 ரூபாயை இன்றைக்கு 89 ரூபாய் 29 காசு என்று குறைத்து எழுதும்போதே வட்டி கழிந்துவிட்டது. மேலும் ஒரு முறை 16,000 கழித்தால் ஒரே வட்டியை இரண்டு இடத்தில் வசூலிக்கிறீர்கள். வட்டியும் அசலும் என்பிவியில் வராது. அவை திருப்பிக் கட்டும் கணக்கில் வரும், அது வேறு தாள்.

இன்னொன்று, நூல்கண்டு. உங்களைப் போன்ற கடை வருமான வரியில் உத்தேச லாபம்தானே காட்டும்? அதில் தேய்மானமும் கழிந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். ஆகவே தேய்மானத்தால் வரி மிச்சம் என்ற பேச்சுக்கும் உங்களிடம் இடமில்லை. இந்தக் கணக்கில் தேய்மானத்தை முழுதாகவே மறந்துவிடலாம்.

தேய்மானமும் வட்டியும் இல்லாமல் போட்டால் 92,000க்கு 5 வருடத்தில் 3,31,600 வரும், என்பிவி 31,600 பிளஸ். இத்தோடு நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நான் நிறுத்த மாட்டேன்.

மூன்று கேள்விகள். அந்த 60,000 எப்படி வந்தது, செட் வாரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஜவுளிக்கடைக்காரர் பணம் எப்போது தருவார்? ஐந்து வருடம் கழித்து மிஷினை விற்றால் என்ன கிடைக்கும்?

---

நூல்கண்டு

சார், நன்றி. சட்டையும் டவுசரும் ஒரு செட். தையல் கூலியாகக் கடைக்காரர் தருவது 170, துணி அவருடையது. டெய்லருக்கு பீஸ் ரேட் 95. நூல், பட்டன், காலர் கேன்வாஸ், ஜிப் 15. காஜா வெளியே 8. கரண்ட், ஊசி, எண்ணெய் 2. ஆக 120 போக 50 நிற்கும். 1,200 செட்டுக்கு 60,000.

பணம் விஷயத்தில் அவர் பொறுமைசாலி! மார்ச் கடைசியில் துணி வரும், ஏப்ரல் மே இரவு பகலாகத் தைப்போம், ஜூனில் பள்ளி திறக்கும். கைக்குப் பணம் வர ஜூலை ஆகஸ்ட் ஆகும். கொஞ்சம் அட்வான்ஸ் தருவார். இருந்தாலும் டெய்லர்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். கூடுதல் ஆர்டருக்கு ஒரு 40,000 என் கையிலிருந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

விற்பனை விலை தெரியவில்லை.

---

ஊசிமுனை (மிஷின் மெக்கானிக், ஈரோடு)

விலை நான் சொல்றேன். ஒழுங்கா எண்ணெய் மாத்தி வச்சிருந்தா சாதா பவர் மிஷின் அஞ்சு வருஷம் கழிச்சும் 8,000க்குப் போகும். மூணுக்கு 24,000, ஓவர்லாக் ஒரு 6,000. காஜா மிஷின் 50,000 வரைக்கும் போகலாம், ஆனா வாங்க ஆள் தேடணும். பவர் மிஷின் வேணும்னு தினம் ரெண்டு பேர் கேப்பாங்க, காஜா அப்படி இல்ல.

வாங்கும்போது சர்வோ மோட்டாரான்னு பாருங்க. பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்ட நேரம் முழுக்க உறுமிக்கிட்டே இருக்கும், கால் வச்சாலும் வைக்காட்டியும் கரண்ட் இழுக்கும். சர்வோ கால் வச்சாத்தான் ஓடும். புது ஆளைப் பழக்கவும் வேகத்தைக் குறைச்சு வைக்கலாம்.

ஒண்ணு கேக்கணும். உங்க 4,000 சட்டைக்குக் காஜா மிஷின் எதுக்கு? எங்க ஊர்ல காஜா மட்டுமே போடுற கடைக்காரர் அவ்வளவும் பத்துப் பன்னெண்டு நாள்ல முடிச்சிடுவார். மிச்ச நாள் மிஷின் துணி போத்தித் தூங்கும்.

---

ஓய்வு_கிளை

மெக்கானிக் தம்பி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். இரண்டு முதலீடுகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள் நூல்கண்டு, அவிழ்த்துப் பாருங்கள்.

காஜா மிஷின் தனியாக: மிச்சம் 32,000 என்கிறீர்கள். நீங்களே போட்டாலும் நூலும் கரண்டும் ஆகுமே? சட்டைக்கு ஒன்றரை ரூபாய் வைத்தால் 6,000. நிகரமாக 26,000. ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பு 93,700. கடைசியில் விற்கும் 50,000க்கு இன்றைய மதிப்பு 28,400. இரண்டும் சேர்ந்து 1,22,100. போட்டது 1,50,000. சுமார் 27,900 நட்டம்.

பவர் மிஷின், ஓவர்லாக், ஒயரிங் தனியாக: போட்டது 1,50,000. அதோடு ஜவுளிக்கடைக்காரரிடம் பணம் வரும்வரை நிற்கும் 40,000ஐயும் முதல் நாள் செலவாகவே எழுத வேண்டும். அது ஐந்தாம் வருடக் கடைசியில் திரும்பி வரும், அதுவரை உங்கள் காசு அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். ஆக முதல் நாள் 1,90,000. வருடம் 60,000. ஐந்தாம் வருடம் கூடுதலாக விற்பனை 30,000, திரும்பும் 40,000. என்பிவி 66,000 பிளஸ்.

மூட்டையாகப் பார்த்தால் 38,000 பிளஸ், "எல்லாம் வாங்கு" என்கிறது. பிரித்தால் யூனிபார்ம் மிஷின் சம்பாதிப்பதில் காஜா மிஷின் உட்கார்ந்து சாப்பிடுவது தெரிகிறது. கடன் பிரிவில் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான்: எந்த மிஷின் தன் தவணையைத் தானே கட்டும்?

---

நூல்கண்டு

சார், பிரித்துப் போட்டதும் பகீர் என்றது. நானும் எக்செலில் போட்டுப் பார்த்தேன், உங்கள் 66,000 வரவில்லை, 58,900தான் வருகிறது. ஆறு எண்களையும் வரிசையாகக் கொடுத்தேன்.

---

பிகாம்_பெஞ்ச்

இது எனக்குத் தெரியும் அண்ணே! எக்செல்ல அந்த NPV முதல் எண்ணையே ஒரு வருஷம் கழிச்சு நடக்குறதா எடுத்துக்கும். நீங்க மிஷினுக்கு இன்னிக்கே காசு கொடுக்கறீங்க. அதனால முதல் நாள் எண்ணை வெளியே வச்சுக் கூட்டணும். B2ல -190000, B3லேருந்து B6 வரை 60000, B7ல 130000 இருந்தா:

```
=NPV(12%,B3:B7)+B2
```

66,006 வரும். உங்க 58,900ஐ 1.12ஆல பெருக்கினாலும் அதேதான் வரும், பாருங்க.

---

பட்டுநூல் (மதுரை, பெண்கள் உடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன்)

எல்லாம் சரி. 1,200 செட்டுக்குத் துணி வெட்டப் போறது யாரு? அந்த 120 ரூபாய்ச் செலவுல கட்டிங் கூலியே காணோமே.

---

நூல்கண்டு

கட்டிங் வீட்டுக்காரம்மாதான் பார்க்கிறார். அதற்குக் கூலி கிடையாது.

---

பட்டுநூல்

அதான் நெனச்சேன். உங்க ஊர்ல கட்டிங் மாஸ்டருக்கு செட்டுக்கு என்ன கொடுப்பாங்க? எட்டு ரூபாய்க்குக் குறையாதுல்ல? ஏப்ரல் மே கல்யாண சீசனும்கூட. அவங்க யூனிபார்ம் வெட்டிக்கிட்டு இருந்தா ஜாக்கெட் வெட்ட யாரு இருக்கா? எத்தனை ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்புவீங்க? அதுவும் செலவுதான் அண்ணே. அவங்க கேக்கலைங்கறதால அந்த வேலைக்கு விலை இல்லைன்னு ஆயிடாது.

---

ஓய்வு_கிளை

மதுரை அம்மா சொல்வது நியாயம். ஆனால் வங்கிக் கண்ணில் கொஞ்சம் வேறுபடும். குடும்பக் கடையில் மனைவிக்குக் கூலி என்று தனியாகக் காசு வெளியே போகாது. தவணை கட்டக் கையில் இருக்கும் காசைத்தான் நாங்கள் பார்ப்போம். அந்தக் கணக்கில் 50 ரூபாய்தான்.

---

பட்டுநூல்

சார், அவங்களுக்கு உடம்பு சரியில்லாம ஒரு சீசன் மாஸ்டர் வச்சா என்ன ஆகும்? அப்ப காசு வெளியே போகும்ல? 42 போட்டுப் பாருங்க, அதுலயும் நின்னா வாங்கட்டும்.

---

ஓய்வு_கிளை

போட்டேன். வருடத்துக்கு 50,400. என்பிவி 66,000லிருந்து 31,400 ஆகிறது. எட்டு ரூபாய் பாதிக்கு மேல் தின்றுவிட்டது! 42 வைத்து எழுதச் சொல்வதையே நானும் ஆதரிக்கிறேன். அதிகாரி நேரில் வந்து "கட்டிங் யார்?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

---

நூல்கண்டு

வீட்டில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "மதுரைக்காரம்மா யாருங்க, அவங்க நம்பர் கிடைக்குமா" என்கிறார். 42தான் இனிமேல், வேறு வழியில்லை.

ஆனால் காஜா விஷயத்தில் மனசு கேட்கவில்லை சார். சீசனில் காஜாவுக்குப் போன சட்டை மூன்று நாள் திரும்பாது. எல்லாக் கடையும் அதே ஆளிடம்தான் கொடுக்கிறது. டெலிவரி தள்ளிப்போனால் ஜவுளிக்கடைக்காரர் அடுத்த வருடம் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அது இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

---

ஓய்வு_கிளை

எங்கேயும் இல்லை, உண்மைதான். போடவும் கஷ்டம். எத்தனை சட்டை இருந்தால் காஜா மிஷின் தலை தப்பும் என்று மட்டும் பார்க்கலாம். சட்டைக்கு ஆறரை ரூபாய் மிச்சம் என்றால் வருடத்துக்கு சுமார் 5,200 சட்டை வேண்டும். உங்களிடம் 4,000. பாக்கி 1,200 பக்கத்துக் கடைகளிலிருந்து ஜாப் ஒர்க்காக வருமா?

---

ஊசிமுனை

வரும். ஆனா காஜா மிஷின்ல உக்கார ஒரு ஆள் வேணுமே சார், அந்தக் கூலியை யாரும் சொல்லலையே? சட்டைக்கு ஒண்ணரை ரூபாய்ல நூலும் கரண்டும்தான் இருக்கு. ஆள் கூலி சேர்த்தா ஆறரை அஞ்சாகும், அப்புறம் 5,200 எங்க பத்தும்? என் யோசனை, மொதல்ல பவர் மிஷின் போடட்டும். ரெண்டு சீசன் போகட்டும். கைக்காசுல பழைய காஜா மிஷின் ஒண்ணு பாத்துக்கலாம், நானே தேடித் தர்றேன். பழைய மிஷினுக்கு வங்கியில கடன் கேட்டா இழுத்தடிப்பாங்க.

---

பட்டுநூல்

நான் இதுல நூல்கண்டு அண்ணன் பக்கம். ஒரு சீசன் டெலிவரி தவறினா அந்த 1,200 செட்டும் போச்சு. அப்புறம் பவர் மிஷின் என்பிவியும் போச்சு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது காகிதத்துல அழகா இருக்கும், கடையில அது ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிடக்கு.

---

ஓய்வு_கிளை

மறுக்க மாட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தில் அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பவர் மிஷினுக்கு மட்டும் என்றால் கடன் 1,20,000, மாதத் தவணை 2,670, வருடத்துக்கு 32,040. கூடுதல் வரவு 50,400. ஒரு ரூபாய் தவணைக்கு ஒரு ரூபாய் 57 காசு வரவு. காஜாவையும் சேர்த்தால் கடன் 2,40,000, தவணை 5,339, வருடத்துக்கு 64,068. வரவு 76,400. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் 19 காசு. ஒரு சீசன் சறுக்கினால் தவணை நிற்கும். மேனேஜர் கண் முதலில் போவது இந்த எண்ணுக்கு, என்பிவி இரண்டாவதுதான்.

இன்னும் முக்கியம், எந்த மாதம் கடன் வாங்குகிறீர்கள்? அக்டோபரில் வாங்கினால் நவம்பரிலிருந்து தவணை, யூனிபார்ம் காசோ ஜூலையில். ஒன்பது மாதத் தவணை ஜாக்கெட் வருமானத்திலிருந்து போகும். பிப்ரவரியில் மிஷின் வரட்டும், முதல் தவணையை ஆகஸ்டில் தொடங்க விடுப்பு கேளுங்கள். அந்த மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

1,20,000 முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவுக்குள் வரும், அது 50,000க்கு மேல் 5 லட்சம் வரை. அடமானம் கேட்கக் கூடாது. மிஷின்களை மட்டும் வங்கிப் பெயரில் ஈடாக எழுதிக்கொள்வார்கள். பணம் உங்கள் கைக்கு வராது, நேரே டீலருக்குப் போகும்.

---

கரிசல்காடு

அரசோட பிஎம்இஜிபி திட்டத்துல 35% வரைக்கும் மானியம் தர்றாங்களே, அதை விட்டுட்டு ஏன் முழுக் கடன்?

---

ஓய்வு_கிளை

அது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு. இவர் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கனவே அந்தத் திட்டத்திலோ முத்ராவிலோ கடன் வாங்கி நல்லபடி கட்டியவர்களுக்கு விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் உண்டு, இவர் அதிலும் இல்லை. இந்த முத்ராவைக் கட்டி முடித்தால் பிறகு பார்க்கலாம்.

---

நூல்கண்டு

எல்லாரும் சொன்னதை வைத்துக் கடிதம் எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> அனுப்புநர்: உரிமையாளர், தையல்கடை, தேனி மாவட்டம்
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: தையல் இயந்திரங்கள் வாங்க முத்ரா கிஷோர் திட்டத்தில் ரூ.1,20,000 கடன் வேண்டுதல்
>
> ஐயா, வணக்கம்.
>
> தங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்துத் தையல்கடை நடத்தி வருகிறேன். உத்யம் பதிவு உண்டு. மூன்று ஆண்டுகளாக ஒரு ஜவுளிக்கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துத் தருகிறேன். கூடுதலாக ஆண்டுக்கு 1,200 செட் தர அவர்கள் தயாராக உள்ளனர். இப்போதுள்ள மிஷின்களில் அதை எடுக்க இயலவில்லை.
>
> மூன்று பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், ஒயரிங் சேர்த்து ரூ.1,50,000 ஆகிறது. கொட்டேஷன் இணைத்துள்ளேன். இதில் ரூ.30,000 என் பங்கு. சீருடைப் பணம் ஜூலை ஆகஸ்டில்தான் வரும் என்பதால் கூலிக்கும் நூலுக்கும் ரூ.40,000 தேவைப்படும். அதையும் நானே போடுகிறேன்.
>
> ஒரு செட்டுக்குக் கிடைப்பது ரூ.170. தையல் கூலி 95, கட்டிங் 8, நூல் பட்டன் முதலியன 15, காஜா 8, மின்சாரமும் பராமரிப்பும் 2, ஆகச் செலவு ரூ.128. மீதம் ரூ.42. கட்டிங் வேலையை என் மனைவி செய்கிறார், இருந்தாலும் வெளி ஆள் கூலியே கணக்கில் கொள்ளப்பட்டுள்ளது.
>
> ஆண்டுக்கு 1,200 செட்டுக்கு மீதம் ரூ.50,400. ஐந்தாம் ஆண்டு முடிவில் மிஷின்களின் மறுவிற்பனை ரூ.30,000, கையிருப்பு திரும்புவது ரூ.40,000. தாங்கள் கூறிய 12% வட்டியில் இவற்றின் இன்றைய மதிப்பு ரூ.2,21,400. முதலீடு ரூ.1,90,000. நிகர தற்போதைய மதிப்பு ரூ.31,400.
>
> ஆண்டுக்குச் சுமார் 1,000 செட் கிடைத்தால் முதலீடு வட்டியோடு திரும்பும். அதற்குக் கீழே போனால் நட்டம். ஆண்டுத் தவணை ரூ.32,040. அதைக் கட்ட 765 செட் போதும். எனவே ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தவணை தவறாது.
>
> வருமானம் ஆண்டின் நடுவில் வருவதால், பிப்ரவரியில் கடன் வழங்கி, முதல் தவணையை ஆகஸ்டில் தொடங்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடைப்பட்ட மாதங்களின் வட்டியை மாதாமாதம் செலுத்துகிறேன்.
>
> இணைப்பு: கொட்டேஷன், உத்யம் சான்று, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், கடந்த மூன்று ஆண்டுச் சீருடைப் பில்கள், ஆண்டுவாரிக் கணக்குத் தாள்.

---

பிகாம்_பெஞ்ச்

அண்ணே செம! ஆனா "அதற்குக் கீழே போனால் நட்டம்"னு வங்கிக்கே எழுதணுமா? அவங்க பயந்துக்க மாட்டாங்களா?

---

ஓய்வு_கிளை

எழுதட்டும். நான் பார்த்த மனுக்களில் எல்லாரும் லாபம் மட்டுமே எழுதுவார்கள். எங்கே உடையும் என்று சொல்கிற ஆள் கணக்கைத் தானே போட்டிருக்கிறார் என்று தெரியும். 765 செட் வரி இந்தக் கடிதத்தில் மிக வலுவான வரி, அதைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள்.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 12 சதவீதம் என்பது கடனுக்கான வட்டி. உங்கள் சொந்தக் காசு 70,000 இதில் இருக்கிறது, அது ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நிற்கிறது. அதற்கு 12 போதுமா? 15 சதவீதத்தில் போட்டால் என்பிவி 13,750. 18இல் போட்டால் 1,800 மைனஸ்.

---

பட்டுநூல்

சார், சீட்டுப் போட்டா என்ன வரும், அதோட ஒப்பிட்டா 12 தாராளம். 18னு போட்டா எந்தத் தையல்கடையும் மிஷின் வாங்காது.

---

ஓய்வு_கிளை

சீட்டுப் பணத்துக்கு ஜவுளிக்கடைக்காரர் மனம் மாறினால் என்ன என்ற கவலை இல்லையே அம்மா. நான் 15 என்பேன். நீங்கள் 12 என்கிறீர்கள். இரண்டிலும் பிளஸ்தான், வாங்கட்டும். 170 ரூபாயை 165க்கு இறக்கச் சொல்லிக் கடைக்காரர் பேரம் பேசினால்தான் எனக்குப் பயம்.

---

ஊசிமுனை

அதவிட ஆள் பயம் எனக்கு. மூணு பவர் மிஷின் வாங்கிட்டு ரெண்டு டெய்லர் மட்டும் கிடைச்சா? 800 செட்தான் ஆகும். கடிதத்துல இருக்குற 1,000ஐத் தொடாது. கால் மிஷின்ல பழகினவங்க பவர் மிஷின் வேகத்துக்கு வர ஒரு மாசம் ஆகும், அதனால பிப்ரவரில வாங்கச் சொன்னது இதுக்கும் நல்லது.

---

நூல்கண்டு

இரண்டு பேர் உறுதி, மூன்றாவதாக ஒரு பெண் பழகிக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் கணக்குத் தாளைப் புரட்டினார், 765 செட்டில் விரல் வைத்து "இது எப்படி வந்தது?" என்றார். 32,040ஐ 42ஆல் வகுத்தால் 763, கொஞ்சம் ஏற்றி 765 என்று சொன்னேன், தலையாட்டினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: 1,200 செட் தருவேன் என்று ஜவுளிக்கடைக்காரர் எழுதிக் கொடுப்பாரா?

அவரிடம் கேட்டால் "என்னப்பா, இத்தனை வருஷப் பழக்கம், வாய் வார்த்தை போதாதா" என்கிறார். எழுத்தில் மாட்டிக்கொள்ளத் தயங்குகிறார் என்று தோன்றுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

---

ஓய்வு_கிளை

ஆர்டர் என்று கேட்காதீர்கள். மூன்று ஆண்டுகளில் உங்களிடம் எத்தனை செட் வாங்கினார், அடுத்த சீசனுக்கு எத்தனை தேவைப்படும் என்று கடை லெட்டர்ஹெட்டில் நான்கு வரி. "தேவைப்படலாம்" என்று இருந்தாலும் பரவாயில்லை. அதில் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை, அதிகாரிக்குக் கோப்பில் வைக்க ஒரு காகிதம் கிடைக்கும்.

---

பட்டுநூல்

நாலு வரியை நீங்களே டைப் அடிச்சு எடுத்துட்டுப் போங்க அண்ணே. எழுதச் சொன்னாத்தான் தயங்குவாங்க. கையெழுத்துப் போட யோசிக்க மாட்டாங்க. அப்படியே இன்னொரு ஜவுளிக்கடையிலயும் பேசிப் பாருங்க, ஒரே ஆளை நம்பி மூணு மிஷின் வேண்டாம்.

---

நூல்கண்டு

டைப் அடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு கடையும் இருக்கிறது, ஆனால் அவர் செட்டுக்கு 160தான் தருவாராம். 160 என்றால் 32 நிற்கும், 1,300 செட்டாவது வேண்டும். அதைப் பிறகு பார்க்கிறேன்.